டிவி வரும் முன்பே பணம் கட்டி முடிப்பது எப்படி?

தீபாவளிக்கு டிவி வேண்டும், கையில் மொத்தமாகக் காசில்லை, கடன் வாங்கவும் கூச்சமா? வங்கி ஆர்.டி.யில் மாதாமாதம் போட்டுச் சேர்க்கலாம். ஆனால் அதை நடுவில் உடைக்கலாம் என்பது உங்கள் மச்சானுக்கும் தெரியும். எனவே கடையின் முன்பணச் சீட்டில் சேருங்கள். பொருளும் கடையில், பணமும் கடையில், உங்களிடம் ஒரு அட்டை. அதைக் கைமாற்றாகக் கேட்க யாரும் வரமாட்டார்கள். சீட்டின் உண்மையான லாபமே இதுதான், மற்றதெல்லாம் விளம்பரம்.

"இன்னிக்கு விலைதான், ஏறவே ஏறாது" என்பார் கடைக்காரர். உடனே மகிழுங்கள். அட்டையில் '43 இன்ச் டிவி' என்று எழுதினால் போதும். மாடல் எண்ணை எழுதச் சொல்லி நல்ல மனிதரைச் சங்கடப்படுத்தாதீர்கள். கடைசித் தவணை அன்று "அந்த மாடல் நின்னுபோச்சுங்க, புதுசுக்கு நாலாயிரம் சேர்த்துக் கொடுங்க" என்று அவரே விஷயத்தை விளக்குவார்.

விலை இறங்கினால்? அதை யோசிக்கவே கூடாது. ஒருவர் 2025 ஜனவரியில் 32,000 ரூபாய் டிவிக்கு மாதம் 3,200 வீதம் பத்து மாதச் சீட்டில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 25,000 டிவியின் விலை, 7,000 வரி, அதாவது 28 சதவீத ஜிஎஸ்டி. செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. அதே டிவி 29,500. ஆர்.டி.யில் போட்டவருக்கு 6 சதவீதத்தில் எண்ணூறு ரூபாய்க்கு மேல் வட்டியும் சேர்ந்திருக்கும். ஆக சீட்டுக்காரருக்கு ஏறக்குறைய 3,300 ரூபாய் நஷ்டம். பொருளுக்குக் கட்டும் முன்பணத்துக்கு வரி கிடையாது. பில் போடும் நாளின் வரிதான் செல்லும். அதனால் பில்லில் 18 சதவீதம்தான் இருக்கும். வரி குறைந்தும் மொத்தம் மட்டும் 32,000-லேயே நிற்கிறதே என்று கேட்பது, நிச்சயமாக, மரியாதைக் குறைவு. (கேட்டுவிடுங்கள்.)

சரி, விலை ஏறினால் சீட்டுக்காரர் பிழைப்பாரா? பிழைப்பார், அந்த எண்ணூறுக்கு மேல் ஏறினால். 32,000-த்தில் அது சுமார் இரண்டரை சதவீதம்.

பதினோரு மாதத்துக்குள் சீட்டை முடிப்பது கடையின் கருணை என்று நம்பி நன்றி சொல்லுங்கள். வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துக் கணக்கு முடிக்காத கம்பெனிக்குச் சட்டத்தில் அது டெபாசிட் ஆகிவிடும்; அந்த வம்பு வேண்டாம் என்பதுதான் காரணம். வங்கியில் இருக்கும் பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. கடை ஷட்டரை இறக்கினால் உங்கள் அட்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. தட்டுகளில் சரக்கு குறைந்து, புதுச் சீட்டு விளம்பரம் மட்டும் பெருகும் கடை என்றால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்.

நடுவில் தவணை நின்றால் கட்டிய பணம் பணமாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை இப்போதாவது படியுங்கள்: 'பொருளாக மட்டும்'. மூன்று தவணை கட்டியவருக்கு 9,600 ரூபாய்க்கு எவர்சில்வர் குடங்கள் வரும். தூக்கிவர ஆட்டோ செலவு தனி.