பொன்னாடைத் தட்டு ஏந்தியவனின் விடுப்பு விண்ணப்பம்

அனுப்புநர்: மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை.

பெறுநர்: உயர்திரு துறைத்தலைவர் அவர்கள்.

பொருள்: பருவத்தின் நடுவே இன்டர்ன்ஷிப் செல்ல ஓ.டி. வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை என்னை இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அழைத்திருக்கிறது. ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடிகிறது. இந்தச் செய்தியால் தங்கள் மனம் புண்பட்டிருந்தால் முதலில் மன்னிக்கவும்.

"இதையெல்லாம் லீவில் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டீர்கள். நானும் அவர்களிடம் அதையேதான் கேட்டேன், ஐயா. முதல் வாரம் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சியாம். ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குள் நடக்கக் கற்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம் சி.என்.சி. லைனில் ஆபரேட்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஷிப்டின் முதல் பீஸை அளந்து பார்க்காமல் அடுத்ததை ஓட்ட மாட்டார்கள் என்பது அங்கேதான் தெரியவருமாம். அதன் பிறகுதான் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்கள்: ஸ்கிராப் எந்த மெஷினில், எந்த ஷிப்டில் கூடுகிறது, ஏன் கூடுகிறது என்று கண்டுபிடிப்பது. இரண்டு வார விடுமுறையில் போனால் ஹெல்மெட்டைக் கழற்றும் நேரத்தில் சான்றிதழை நீட்டிவிடுவார்கள். அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்க வேறு இடங்கள் இருக்கின்றன. அங்கே ஹெல்மெட்கூடத் தேவையில்லை.

இனி கணக்கு. நம் பருவத்தில் 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அதாவது 68 நாள். இன்டர்ன்ஷிப்பில் எனக்குப் போவது 43 நாள். மீதி 47 நாளும் தவறாமல் வந்தாலும் 52 சதவீதம்தான் தேறுகிறது.

நண்பர்கள் மஞ்சள் காமாலையைப் பரிந்துரைத்தார்கள். மருத்துவச் சான்றும் அபராதக் கட்டணமும் கொடுத்தால் 65 சதவீதம் வரை விதி இரங்கும். ஆனால் அதற்கும் 59 நாள் வேண்டும். எனக்கு 12 நாள் இடிக்கிறது. படுத்துக் கிடந்தவனுக்கு இரங்கும் விதி, வேலை பார்த்தவனுக்கு ஏன் இரங்குவதில்லை என்று நான் கேட்கவில்லை, ஐயா. என் அப்பா கேட்டார்.

கையெழுத்துகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் தடையின்மைச் சான்று வந்தால்தான் ஆஃபர் லெட்டர் தருவோம் என்கிறது நிறுவனம். ஆஃபர் லெட்டரைப் பார்க்காமல் தடையின்மைச் சான்று தர முடியாது என்கிறது அலுவலகம். வகுப்பு ஆலோசகர், "ஹெச்.ஓ.டி. போட்டால் நானும் போடுகிறேன்" என்கிறார். தாங்களோ, "ஆலோசகர் பரிந்துரைத்தாரா?" என்கிறீர்கள். பிளேஸ்மென்ட் அதிகாரி மட்டும் உடனே ஒப்புக்கொண்டு, வேலை கிடைத்தால் வாசல் ஃபிளெக்ஸில் போட என்னிடம் பாஸ்போர்ட் அளவுப் படம் வாங்கி வைத்திருக்கிறார்.

நான் இல்லாத நாட்களில் ஆய்வகம் என்ன ஆகும் என்று கவலைப்பட்டீர்கள். எங்கள் பேட்ச்சில் பத்துப் பேருக்கு ஒரு லேத். ஒருவன் சக்கரத்தைச் சுற்றுவான், இன்னொருவன் வெர்னியரைப் பிடிப்பான், மற்ற எட்டுப் பேரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவோம். நான் அந்த எட்டில் ஒருவன். இனி ஏழு பேர் எழுதுவார்கள். ரீடிங் மாறாது என்று உறுதி கூறுகிறேன்.

ஓ.டி. தருவதற்கு முன்மாதிரி இல்லை என்றும் சொன்னீர்கள். போன பருவத்தில் நம் துறைக் கருத்தரங்கிற்கு இதே நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்றவன் நான். அன்றைக்கு எனக்கு முழுநாள் ஓ.டி.; ஒத்திகை பார்த்த முந்தைய நாளுக்கும் ஓ.டி. அவர் நம்மிடம் வந்தால் கடமை, நான் அவரிடம் போனால் ஆப்சென்ட் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

43 நாளுக்கும் நான் ஓ.டி. கேட்கவில்லை. 47 நாள் வருகையோடு 21 நாள் ஓ.டி. சேர்ந்தால் சரியாக 68. அந்த 21 நாளை மட்டும் அருளினால் போதும். இன்டர்னல் தேர்வுகளுக்கு நிறுவனத்தில் அனுமதி வாங்கி நேரில் வந்து எழுதிவிடுகிறேன்.

அதுவும் இயலாதெனில், அந்த அதிகாரியின் தலைமையில் 21 நாள் கருத்தரங்கு ஒன்றை அறிவிக்க வேண்டுகிறேன். இடம் ஸ்ரீபெரும்புதூர் என்று போட்டுக்கொள்ளலாம். தட்டு ஏந்த நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்