ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா மிச்சம்

பெற்றார் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு நான் ஒரு பிரசங்கம் தயாரித்தேன். கன்னங்கரா அவர்கள் 1945ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி பெற்றுத் தந்த வரலாற்றிலே தொடங்கி, பெற்றோரின் கடமை, ஆசிரியரின் தர்மம் ஆகியவற்றினூடாக மெல்ல மெல்ல இறங்கி, ஈற்றில் என் புத்திரன் கணிதத்தில் 57 புள்ளி எடுத்த துயரச் சம்பவத்தில் வந்து நிற்கும்படியாக அமைந்திருந்த அந்தப் பிரசங்கத்தை, முன் விறாந்தையில் நடந்து நடந்து நான் உருப்போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்ட என் மனைவி, கருவாடு பொரிப்பதை நிறுத்தாமலே ஒரு கேள்வி கேட்டாள்.

“வகுப்பிலை 34 பிள்ளையள். கூட்டம் ரெண்டு மணித்தியாலம். உங்களுக்கு எத்தினை நிமிஷம் வரும்?”

வகுத்துப் பார்த்தேன். மூன்றரை நிமிஷம். கன்னங்கரா அவர்களை வணங்கி முடிப்பதற்கே அது போதாது. பிரசங்கத்தைக் கைவிட்டு, வேறு வழியில்லாத காரணத்தால், பையனுடைய கணிதக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையின் கொப்பியைத் தகப்பன்மார் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. சிவப்பு மையைத் தேடுவது, கண்டதும் பெருமூச்சு விடுவது, பிறகு பிள்ளையைக் கூப்பிடுவது. நானும் இரண்டு தவணைகளாக அதைத்தான் செய்துவந்தேன். அன்று என்னவோ, கச்சேரியில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்த பழைய புத்தி தலைதூக்கி, சரியான கணக்குகளை ஒரு பக்கமும் பிழையானவற்றை மறுபக்கமுமாகப் பிரித்து ஒரு தாளில் எழுதச் சொன்னது. கழித்தல் கணக்குகள் 40 இருந்தன. சரி 23, பிழை 17. சரியான கணக்குகள் எல்லாவற்றிலும் மேலே இருக்கிற இலக்கம் கீழே இருக்கிற இலக்கத்தைவிடப் பெரியது, அல்லது சமமானது. பிழைத்த பதினேழில் இரண்டு வெறும் அவசரம். மிச்சம் பதினைந்திலும் எங்கேயோ ஓரிடத்தில் மேல் இலக்கம் சிறியதாக இருந்தது. 52இலிருந்து 28 போனால் 24 என்று நீங்களும் நானும் சொல்லுவோம். என் மகன் 36 என்று எழுதியிருந்தான். இரண்டிலிருந்து எட்டுப் போகாது என்று கண்டதும், சற்றும் கலங்காமல், எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டு மேலே போயிருக்கிறான்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு உண்டான பெருமிதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. 61இலிருந்து 34, 83இலிருந்து 47, 72இலிருந்து 25 என்று மூன்று புதிய கணக்குகளை எழுதி, அவன் எழுதப்போகிற பிழையான விடைகளை முன்கூட்டியே வேறொரு துண்டில் 33, 44, 53 என்று குறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவனைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன். பயல் மூன்றையும் அட்சரம் பிசகாமல் அப்படியே எழுதிக் கொடுத்தான். அவ்வளவு ஒழுங்காகப் பிழைவிடுகிற பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று இரண்டு தவணைகளாக நான் ஏசிவந்தது அநியாயம் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் ஒரு விதியைப் பின்பற்றுகிறான், விதிதான் பிழை. 1978ஆம் ஆண்டிலேயே பிரௌன், பேர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிறுவர்களின் கழித்தல் கணக்குகளை ஆராய்ந்து, பிழைகளிற் பல இவ்விதம் ஒழுங்கான முறைகளிலிருந்தே பிறக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள் என்பதை நான் பிற்பாடு படித்தபோது, கண்டுபிடிப்பில் எனக்கு முன்னுரிமை இல்லாமற் போனதே என்று சிறிது வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அது எங்கள் மன்னார்த் தீவின் கரையோரப் பள்ளிக்கூடங்களில் ஒன்று; சோளகக் காற்று ஜன்னல் வழியே நுழைந்து மேசைமேல் இருந்த தேர்ச்சி அறிக்கைகளைக் கடலுக்கு அனுப்பப் பார்க்க, டீச்சர் அவற்றின்மேல் ஒரு முருகைக்கல்லை வைத்திருந்தார். பெற்றார் உட்காருவதற்கு நாலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கதிரைகளே போடப்பட்டிருந்தன. முழங்கால் நாடியைத் தொடும் அந்த ஆசனத்தில் அமர்ந்துகொண்டு யாராலும் அதிகாரமாகப் பேச முடியாது. இதை ஒரு நிர்வாக உபாயமாகவே நான் கருதுகிறேன். எங்கள் தீவின் நிரந்தரப் பிரஜைகளாகிய கழுதைகளில் ஒன்று வாசலில் நின்று, தன் பிள்ளையின் முறை வருவதற்காகக் காத்திருப்பதுபோல், சாவதானமாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் இருந்த கனவான் “எத்தினையாம் பிள்ளை?” என்று கேட்டார். பத்தொன்பதாம் பிள்ளை என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தினையாம் பிள்ளை என்று கேட்டார். அது ஏழாம் பிள்ளை என்று தெரிந்ததும், அடுத்த வருஷம் புலமைப்பரிசில் வருகிறதே என்றார். டீச்சர் அதை மறுக்கவில்லை. அத்துடன் கனவானுடைய மூன்றரை நிமிஷம் முடிந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். கன்னங்கராவுடன் வந்திருந்தால் எனக்கும் அதுதான் நடந்திருக்கும்.

என் முறை வந்தபோது டீச்சருடைய முகத்தில் ஒருவகைத் தற்காப்பு தெரிந்தது. நான் கொப்பியைத் திறந்து, அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துவிட்டு, மனைவி அனுமதித்திருந்த மூன்று வசனங்களையும் சொன்னேன்.

“டீச்சர், மேலை சின்ன இலக்கம் வாற கணக்கெல்லாம் இவன் ஒரே மாதிரித்தான் பிழைவிடுறான் போலை கிடக்கு. வகுப்பிலையும் இப்பிடித்தானோ எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். வீட்டிலை நாங்கள் என்ன செய்யலாம், எப்ப திரும்பிப் பாக்கலாம்?”

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. தாளை இரண்டுதரம் பார்த்தார். பிறகு ஜன்னலால் எட்டி, வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பையனை அழைப்பித்து, 61இலிருந்து 34ஐக் கழிக்கச் சொன்னார். விடையை மட்டும் பார்ப்பாராக்கும் என்று நான் நினைத்தேன். அவரோ, “வாயாலை சொல்லிச் சொல்லிச் செய்” என்றார். முதல்நாள் இரவு எனக்குத் தோன்றாத யுக்தி அது.

“நாலிலையிருந்து ஒண்டு போக மூண்டு. ஆறிலையிருந்து மூண்டு போக மூண்டு. முப்பத்திமூண்டு.”

“ஒண்டுதானே மேலை இருக்கு? ஏன் நாலிலையிருந்து கழிச்சனீ?”

“எப்பவும் பெரிசிலையிருந்துதான் சின்னதைக் கழிக்க வேணும் எண்டு அப்பா சொன்னவர்.”

அறையில் ஒரு நிசப்தம் நிலவியது. கழுதைகூட அசையவில்லை. அவன் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில், மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முயன்று அழுதுகொண்டிருந்தவனை நான் தேற்றிச் சொன்ன பொன்மொழி அது. முழு எண்ணை முழு எண்ணிலிருந்து கழிக்கிற அந்த வயதுக்கு அது சரிதான். அவன் அதை ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே பிரயோகித்துவிட்டான். என் பிரசங்கத்தின் இறுதிப் பகுதியில், அத்திவாரம் சரியில்லை என்று ஒரு வாசகம் இருந்தது. அதை வாசிக்காமல் விட்டதற்காக மனைவிக்கு நான் ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

டீச்சர் சிரிக்கவில்லை, அதுவும் ஒரு பண்பாடு. பையனிடம் வேறொரு கேள்வி கேட்டார். என் மைத்துனருக்குப் பேசாலையில் கருவாட்டுக் கடை. சனிக்கிழமைகளில் இவன் அங்கேதான் இருப்பான். “கடையிலை ஒராள் 640 ரூபாவுக்குக் கட்டாக் கருவாடு வாங்கி ஆயிரம் ரூபாத் தாள் தந்தால் மிச்சம் எவ்வளவு?” அவன் கண்ணை மூடித் திறப்பதற்குள், “60 போட்டால் 700, பிறகு 300, 360” என்றான். அதே கணக்கைக் கடதாசியில் நிரலாக எழுதச் சொன்னார். எழுதினான்: பூச்சியத்திலிருந்து நாலு போகாது, ஆகவே நாலு, பூச்சியத்திலிருந்து ஆறு போகாது, ஆகவே ஆறு, முன்னால் ஒன்று. ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா மிச்சம். ஆயிரம் ரூபா கொண்டுவந்தவர் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு, 640 ரூபா லாபத்துடன் வீட்டுக்குப் போகலாம்.

“இப்பிடி மிச்சம் குடுத்தால் மாமா எத்தினை நாளைக்குக் கடை நடத்துவார்?” என்று டீச்சர் கேட்டபோதுதான் பையன் தன் விடையை முதன்முதலாகச் சந்தேகத்தோடு பார்த்தான். பிரேஸில் தேசத்து ரெசிஃபே நகரில் தெருவிலே பொருள் விற்கிற சிறுவர்கள் வியாபாரத்தில் சரியாகப் போட்ட கணக்குகளைக் கடதாசியில் கொடுத்ததும் தடுமாறினார்கள் என்று 1985இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பேசாலைக்கும் ரெசிஃபேக்கும் இடையே சமுத்திரங்கள் கிடக்கின்றன, பிள்ளைகள் ஒன்றுதான்.

ஆகவே அவனுக்கு எண் தெரியும். நிரல்தான் தெரியாது என்று டீச்சர் நிர்ணயித்தார். நிவாரணமும் அங்கேயே முடிவாயிற்று. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லைச் சில காலத்துக்கு ஒத்திவைத்து, கடையில் புழங்கும் ‘மாத்துறது’ என்ற சொல்லையே வைத்துக்கொள்வது. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாக வைத்து, எட்டு உதிரி கேட்கும்போது ஒரு கட்டை அவிழ்த்துப் பன்னிரண்டாக்கிக்கொண்டு கொடுப்பது. ஒவ்வொரு விடையையும் கழித்த எண்ணோடு திரும்பக் கூட்டிப் பார்ப்பது: 36உம் 28உம் 64 ஆகிறதே, 52 ஆகவில்லையே என்று கொப்பியே அவனுக்குச் சொல்லிவிடும். ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் கூடாது. அதில் நாலு மாற்ற வேண்டியவை, இரண்டு மாற்ற வேண்டாதவை. மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை கொப்பியைத் திரும்பக் கொண்டுவருவது. எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிஷம் ஆயிற்று. எனக்குப் பின்னால் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கதிரையிலிருந்து பிரயாசைப்பட்டு எழுந்தேன்.

மாற்ற வேண்டாத அந்த இரண்டு கணக்குகள் எதற்கென்று முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்தது. புதிய வித்தையில் மயங்கிய பையன், 78இலிருந்து 35ஐக் கழிப்பதற்கும் அவசியமில்லாமல் ஒரு கட்டை அவிழ்த்து, உதிரியில் பதின்மூன்றும் கட்டில் மூன்றும் மிச்சம் என்று கண்டு, 313 என்று எழுதினான். ஈர்க்குகளைத் திரும்ப எண்ணச் சொன்னேன். எண்ணினான், 43தான் இருந்தன. பத்தை மறுபடி கட்டாக்கினான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்து என் வாய்க்கு எங்கள் வீட்டில் மதிப்புக் குறைவு.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை டீச்சர் 20 கணக்குகள் கொடுத்தார்; 17 சரி. பிழைத்த மூன்றும் நடுவிலே பூச்சியம் உள்ளவை. 503இலிருந்து 276ஐக் கழிக்கையில், உதிரிக்கு மாற்றிக் கொடுக்கப் பத்தின் இடத்தில் ஒன்றுமே இல்லை. நூறு ரூபாத் தாள் ஒன்றை முதலில் பத்து ரூபாக் குற்றிகளாக்கி, அதில் ஒரு குற்றியைப் பிறகு ஒற்றை ரூபாக்களாக்க வேண்டும். இந்த இரண்டு படி மாற்றத்தில் அவன் இன்னும் வழுக்குகிறான். அடுத்த தவணையில் அதைப் பார்ப்போம் என்று டீச்சர் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைத்தார்; நானும் வைத்தேன்.

வகுப்பில் இப்போதும் அவன் இருபத்திரண்டாம் பிள்ளைதான். பேசாலைப் பக்கம் கருவாடு வாங்க வருகிற அன்பர்கள் சனிக்கிழமைகளில் என் மைத்துனர் கடையில் மிச்சக் காசை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. பையன் கடதாசியும் பென்சிலும் எடுத்தால் மாத்திரம், 503 ரூபா கொடுத்து 276 ரூபாவுக்கு வாங்காதீர்கள்.