இருபது டாஸ் பாக்கி

2025 டிசம்பர் 6, சனிக்கிழமை, விசாகப்பட்டினத்தில் கே.எல். ராகுல் இடது கையால் நாணயத்தைச் சுண்டி டாஸ் ஜெயித்தார். நாடே பெருமூச்சு விட்ட அந்த நேரத்தில் எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் என் மாமனார் இருந்தார்.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? நான் சொன்னேனா இல்லியா?”

சொன்னார்தான். பிப்ரவரியில் நாக்பூரில் தொடங்கிச் சொன்னார். அப்புறம் கட்டாக்கில் சொன்னார், அகமதாபாத்தில் சொன்னார். சாம்பியன்ஸ் டிராபி நடந்த துபாயில் ஐந்து தடவை சொன்னார். அக்டோபரில் பெர்த், அடிலெய்டு, சிட்னி மூன்றுக்கும் காலையிலேயே எழுந்து பல் துலக்காமல் சொன்னார். ராஞ்சியில் சொன்னார், ராய்ப்பூரில் அடித்தே சொன்னார். பதின்மூன்று தடவை “இன்னிக்குக் கண்டிப்பா நமக்குத்தான்” என்றார். பதின்மூன்று தடவையும் தோற்றோம். பதினான்காவது பலித்துவிட்டது. இப்போது பால்காரர் முதல் இஸ்திரி போடுபவர் வரைக்கும் அவர் ஞானதிருஷ்டி தெரியும். இதற்கு நடுவில் ஓர் ஐந்நூறு ரூபாய் விவகாரமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமனார் முப்பத்து நான்கு வருஷம் கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர். பற்று, வரவு, மார்ச் 31 அன்று இரண்டும் நேராக வேண்டும். பிரபஞ்சமும் அப்படித்தான் நடக்கிறது என்பது அவர் சித்தாந்தம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடங்கி ஒருநாள் போட்டிகளில் வரிசையாக 20 டாஸ் தோற்றோம் அல்லவா? அது அவர் கண்ணுக்குத் தோல்வி இல்லை. நிலுவை.

அவர் கணக்கைக் கேட்டால் தப்பே தெரியாது. “ஒரு டாஸ் தோற்க ரெண்டில் ஒரு வாய்ப்பு. ரெண்டு தோற்க நாலில் ஒண்ணு. இப்படியே இருபது தோற்கப் பத்து லட்சத்தில் ஒண்ணு. இருபத்தொண்ணு தோற்க இருபது லட்சத்தில் ஒண்ணு. இருபது லட்சத்தில் ஒண்ணு நடக்குமா மாப்பிள்ளை?”

பெருக்கல் சரி. இருபது தோல்விக்கு 10,48,576-இல் ஒன்று. இருபத்தொன்றுக்கு 20,97,152-இல் ஒன்று. அவர் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: இருபது தோற்று இருபத்தொன்றாவதை ஜெயிக்க எவ்வளவு? அதற்கும் அதே 20,97,152-இல் ஒன்று. இரண்டு வரிசையும் ஒரே அளவுக்கு அபூர்வம். அந்த அபூர்வம் முழுவதும் முதல் இருபதிலேயே நடந்து முடிந்துவிட்டது. ராய்ப்பூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அது ரயில் ஏறி வராது. மிச்சமிருப்பது ஒரு டாஸ், இரண்டில் ஒன்று. இதை நான் ஒரு காப்பி ஆறும் நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப சராசரின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?” என்றார்.

சராசரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நாணயத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாமனார் சொல்வது நடக்க வேண்டுமென்றால் அது எவ்வளவு வேலை பார்க்க வேண்டும்!

முதலில் அதற்குப் பழைய கோப்பு தெரிந்திருக்க வேண்டும். அகமதாபாத்தில் சுண்டிய காசு வேறு, துபாயில் சுண்டிய காசு வேறு, பெர்த்தில் வேறு. ஆக, பணிமாறுதலில் போகும் எழுத்தர் போல ஒவ்வொரு காசும் அடுத்த காசிடம் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். “இந்தியா, ஒருநாள், நிலுவை பத்தொன்பது. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இடவும்.” நடுவில் ஒரு காசு மருத்துவ விடுப்பில் போனால் தீர்ந்தது. அப்புறம், ஒருநாளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். ஏனென்றால் அதே அக்டோபரில் டெல்லி டெஸ்டில் சுப்மன் கில் டாஸ் ஜெயித்தார். அதை ஒருநாள் கணக்கில் வரவு வைத்துவிட்டால் தணிக்கை ஆட்சேபணை வந்துவிடும். கேப்டன் வாரியாகவா, நாடு வாரியாகவா என்றும் ஓர் அரசாணை வேண்டும். ரோஹித் தோற்றதை கில் தலையில் கட்டலாமா? கில் தோற்ற மூன்றை ராகுல் வசூலிக்கலாமா? வாரிசுச் சான்றிதழ் கேட்பார்களா? எதிரணிக்கும் ஒரு பேரேடு இருக்குமே! தென்னாப்பிரிக்காவும் ஒரு மூட்டை நிலுவையோடு வந்து நின்றால் அந்தச் சின்னக் காசு யாருக்கு முன்னுரிமை கொடுக்கும்? பதிவு மூப்பு அடிப்படையிலா?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய கொடுமை இனிமேல்தான். உள்ளூர் கேப்டன் சுண்டுகிறார், வெளியூர் கேப்டன் தலையா பூவா என்று குரல் கொடுக்கிறார். விசாகப்பட்டினத்தில் குரல் கொடுத்தவர் தென்னாப்பிரிக்கக் கேப்டன் பவுமா. அதாவது நாம் ஜெயிக்க வேண்டுமானால் அவர் சொன்னது தப்பாக வேண்டும். அவரோ காசு மேலே போன பிறகு சொல்கிறார். எனவே காசு அந்தரத்தில் கரணம் போட்டுக்கொண்டே காதைத் தீட்டி அவர் சொன்னதைக் கேட்டு, ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு, கோப்பைப் புரட்டி, நிலுவையைச் சரிபார்த்து, அதற்கு எதிர்ப் பக்கமாகப் புல்லில் விழ வேண்டும். ஒரு விநாடிக்குள். கருவூலத்தில் என் ஓய்வூதியக் கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக ஐந்து மாதம் ஆனது.

இந்தப் பிரசங்கத்தை நடத்தி முடித்தபோது மாமனார் தூங்கிவிட்டிருந்தார். அத்தை மட்டும் அடுக்களையிலிருந்து, “முடிஞ்சுதா? ரசத்தில் உப்பு கூடிப்போச்சு, பாருங்க” என்றார். நான் ருசி பார்த்தேன். கரித்தது. அத்தை அலட்டிக்கொள்ளாமல் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டார். சரியாகிவிட்டது.

மாமனார் கேட்ட சராசரி அதுதான். உப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை. போட்ட உப்பு அப்படியே பானைக்குள் கிடக்கிறது. தண்ணீர் கூடியதால் நாக்குக்குத் தெரியவில்லை, அவ்வளவே. முதல் பத்துச் சுண்டலிலும் தலையே விழுந்தது என்று வையுங்கள். அடுத்த பத்தாயிரத்தில் காசு பழி தீர்க்காமல் சமர்த்தாக 5,000 தலை, 5,000 பூ என்று விழுகிறது. மொத்தம் 5,010 தலை, 5,000 பூ. அந்தப் பத்து அதிகம் அப்படியே நிற்கிறது. சதவீதம் மட்டும் நூறிலிருந்து 50.05-க்கு வந்துவிட்டது. யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தரவில்லை.

இதை ஒருவர் உட்கார்ந்து செய்தே பார்த்திருக்கிறார். ஜான் கெர்ரிக் என்ற தென்னாப்பிரிக்கக் கணித ஆசிரியர். 1940-இல் மாமனார் வீட்டாரைப் பார்க்க டென்மார்க் போன இடத்தில் ஜெர்மன் படை நுழைந்துவிட, அவர் முகாமில் அடைபட்டார். (மாமனார் வீட்டுக்குப் போவதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.) முகாமில் பொழுது போகாமல் ஒரு காசைப் பத்தாயிரம் தடவை சுண்டி எழுதி வைத்தார். முதல் நூறில் தலை 44. பாதிக்கு ஆறு குறைவு. ஆயிரத்தில் 502, பாதிக்கு இரண்டே அதிகம். இதோ நேராகிவிட்டது என்று மாமனார் இங்கேயே பேரேட்டை மூடியிருப்பார். கெர்ரிக் மூடவில்லை. பத்தாயிரத்தில் தலை 5,067. உபரி இரண்டிலிருந்து அறுபத்தேழாகிவிட்டது! ஆனால் சதவீதத்தில் பாருங்கள்: நூறில் 44 ஆக இருந்தது, பத்தாயிரத்தில் 50.67. எண்ணிக்கையில் இடைவெளி பெருகிக்கொண்டே போகலாம், விகிதம் பாதியை நெருங்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். மாமனாரும் டிவி வர்ணனையாளர்களும் ‘ஆவரேஜ்’ என்று சொல்லும்போது விகிதத்துக்கு உள்ள விதியை எண்ணிக்கைக்கு எடுத்துக் கட்டிவிடுகிறார்கள்.

காசுக்கு ஞாபகமே கிடையாதா என்றால், துளி உண்டு. 2023-இல் ஓர் ஆய்வுக் குழு 3,50,757 தடவை சுண்டிப் பார்த்தது. சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மறுபடி மேலே விழுந்தது 50.8 சதவீதம். ஆகக் காசு ஞாபகம் வைத்திருப்பதெல்லாம் ஒரு விநாடிக்கு முன் கட்டைவிரல் மேல் எப்படிப் படுத்திருந்தோம் என்பதை மட்டுமே. ராய்ப்பூர் அதற்குத் தெரியாது.

மாமனார் எழுந்ததும் இதையும் சொன்னேன். அவர் சீட்டுக்கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். “ரம்மியில் மூணு ராஜா கீழே விழுந்துட்டா நாலாவது வர வாய்ப்பு குறையுதா இல்லியா? அதைக் கணக்குப் பண்ணித்தானே நான் உங்களை வருஷம் பூரா ஜெயிக்கிறேன்?”

குறைகிறது. அதுதான் எரிச்சல். ஜெயிக்கவும் செய்கிறார். கீழே போன சீட்டு கட்டுக்குத் திரும்பாது. கட்டு ஒவ்வொரு சீட்டுக்கும் மெலிகிறது. அதற்கு ஞாபகம் உண்டு. காசுக்கோ தலை விழுந்தால் ஒரு தலை குறைந்துபோவதில்லை. ஒவ்வொரு சுண்டலும் கலைத்து அடுக்கிய புதுக் கட்டு. வாழ்க்கை பூராவும் தீரக்கூடிய சாமான்களோடு புழங்கிப் பழகிய மனுஷனுக்குத் தீராத ஒன்றைப் பார்த்ததும் புத்தி தடுமாறுகிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் வரிசையாக 26 தடவை கறுப்பு விழுந்தது. அங்கே கோட்டு போட்டுக்கொண்டு “இந்தத் தடவை சிவப்புத்தான்” என்று சொத்தை வைத்தவர்கள் எல்லாரும் என் மாமனார்தான்.

நான் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று ராத்திரி அவருக்கு நிரூபித்துக் காட்டலாமென்று ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்து சுண்டினேன். தலை. தலை. தலை. தலை. தலை. ஆறாவது முறை காசு மேலே போனபோது என் வாய் என்னைக் கேட்காமல் “பூ!” என்றது. அடித்தொண்டையிலிருந்து, அவ்வளவு நிச்சயத்தோடு. அத்தையும் எட்டிப் பார்த்தார், மாமனாரும் எட்டிப் பார்த்தார். காசு சோபாவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. மூன்று பேரும் குனிந்து தேடினோம். கிடைக்கவில்லை. இன்று காலை பெருக்குகிறவர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எந்தப் பக்கம் இருந்தது என்று அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமனார் இப்போது நிம்மதியாக இல்லை. டாஸ் ஜெயித்தாயிற்றே என்றேன். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தைக் காட்டினார். சிவப்பு மையில் இருபது கோடு, நீல மையில் ஒன்று.

“இனிமே வரிசையா நமக்குத்தான் மாப்பிள்ளை. இன்னும் பத்தொன்பது வர வேண்டியிருக்கு.”

அந்த ஐந்நூறு ரூபாயும் அவர் டைரியில் என் பெயருக்கு நேரே நிற்கிறது. அதைப் பற்றி இன்னொரு சமயம்.