எண்ணிக்கை தப்பிய வரிசை

கானோ வரைபடத்தில் மேல்வரிசை 00, 01, 11, 10 என்று போகிறதே, போட்டவருக்கு எண்ணத் தெரியாதா?
*– உயர்தர ஐ.சி.டி. மாணவி, பன்வில*

ஒழுங்காக எண்ணிப் போட்டதைத்தான் மாற்றினார்கள்! 1952இல் எட்வர்ட் வீச் 00, 01, 10, 11 என்றே போட்டார். 1953இல் மோரிஸ் கானோ கடைசி இரண்டையும் இடம் மாற்றினார். 01இலிருந்து 10க்குப் போனால் இரண்டு இலக்கம் மாறும். 11க்குப் போனால் ஒன்றுதான். மாறுகிற அந்த ஒன்றைத்தான் வெட்டுகிறோம்: A'B'C + A'BC = A'C. மூன்று உள்ளீட்டு ஆண்ட் படலை இரண்டும் ஓர் ஓர் படலையும் இருந்த இடத்தில், இரண்டு உள்ளீட்டு ஆண்ட் படலை ஒன்றே போதும்.

இடது ஓரத்தில் ஒரு 1, வலது ஓரத்தில் ஒரு 1. தனித்தனியாக வட்டம் போடட்டுமா?

தாளைக் குழாயாகச் சுருட்டிப் பார்த்தீர்களா? 00உம் 10உம் பக்கத்து வீடு! A'B'C' + A'BC' = A'C'. தனித்தனியாக வட்டமிட்டாலும் மெய்யட்டவணை சரியாகவே வரும், அதனால் பிழை கண்ணில் படாது. விடையின் ஓர் உறுப்பில் மூன்று எழுத்தும் மிஞ்சியிருந்தால், ஓரங்களை மறுபடி பாருங்கள்.