பத்து மணிக்குப் பசிக்கிறவர்

இரவு எட்டரைக்குத் தட்டோடு கூடத்துக்குப் போவார். பத்து மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "சாப்பிட ஏதாவது இருக்கா?" ஆள் யாரென்று புரிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், பெயர்தான் வேறு.

அந்தக் கேள்வியை அவர் நேராகக் கேட்டுவிட மாட்டார். தண்ணீர் குடிக்க வந்தவர்போல் முதலில் சொம்பைத் தூக்குவார். குடிக்காமலே வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறப்பார். உள்ளே இருக்கும் மாவுப் பாத்திரத்தையும் கறிவேப்பிலையையும் வெகுநேரம் பார்ப்பார், அவை ஏதாவது யோசனை சொல்லும் என்று. பிறகு முறுக்கு டப்பா. மூடியைச் சத்தமில்லாமல் திறக்கப் பார்ப்பார். எவர்சில்வர் டப்பா சத்தமில்லாமல் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. பிடிபட்டதும் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, "என்னமோ தெரியலம்மா, வயித்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்பார்.

ஒன்றுமே இல்லையாம்! ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த வயிற்றுக்குள் என்ன போனது என்று எனக்குத் தெரியும். பரிமாறியவள் நான். முருங்கைக்காய் சாம்பார் விட்டுச் சாதம், மறுசாதம், பீன்ஸ் பொரியல், இரண்டு அப்பளம், மோர். அன்றைக்கு டிவியில் மேட்ச். கை தட்டுக்கும் வாய்க்கும் தானாகப் போய்வந்தது, கண் மட்டும் ஒருமுறைகூடத் தட்டுக்கு இறங்கவில்லை. கடைசி ஓவர் பரபரப்பில் முருங்கைக்காய்ச் சக்கையை மறுபடி எடுத்து வாயில் போட்டு மென்றதை நானே பார்த்தேன். தட்டு காலியான பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் அதைத் துழாவிக்கொண்டிருந்தன.

நடிக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். அவருக்கு நிஜமாகவே பசிக்கிறதாம். இங்கிலாந்தில் இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சூசான் ஹிக்ஸ் என்ற உளவியலாளர், இளம்பெண்களுக்கு ஒரே அளவு மதியச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டே, இன்னொரு நாள் டிவி இல்லாமல். பிற்பகலில் பிஸ்கட்டை நீட்டியபோது, டிவியோடு சாப்பிட்ட நாளில்தான் அதிகம் தின்றார்கள். அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதும் அவர்கள் மனதில் தெளிவாக நிற்கவில்லை. 2009-ல் வெளிவந்த ஆய்வு இது.

2011-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக்காரர்கள் டிவிக்குப் பதில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட வைத்தார்கள். தட்டில் ஒன்பது வகை. விளையாடிக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாக இருந்தது. அரைமணி கழித்து பிஸ்கட்டையும் அவர்களே அதிகம் காலி செய்தார்கள். எதற்குப் பிறகு எதைச் சாப்பிட்டோம் என்று வரிசை சொல்லச் சொன்னபோதும் அவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். எங்கள் வீட்டு ஆளிடம் வரிசையெல்லாம் கேட்க வேண்டாம், குழம்பின் பெயரைச் சொன்னாலே பரிசு கொடுத்துவிடலாம்.

பசி என்பது வயிறு மட்டும் எழுதுகிற கணக்கல்ல என்பதுதான் விஷயம். சாப்பிட்ட உடனே வயிறு விரிந்து, குடல் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்து 'போதும்' என்கின்றன. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வாய் வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது, மூளை 'கடைசியாக என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம்' என்ற ஞாபகத்தையும் புரட்டிப் பார்க்கிறது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நோட்டில் குறிக்காமல் விட்டால், மாதக் கடைசியில் அது ஊற்றாத பால்தான்.

இதை அப்பட்டமாகக் காட்டியது பிரிஸ்டல்காரர்களின் சூப் சோதனை. 2012-ல் வந்தது. கிண்ணத்தின் அடியில் ரகசியமாக ஒரு குழாய். சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் சூப்பை ஏற்றலாம், இறக்கலாம். சிலர் கண்ணுக்கு 300 மில்லி காட்டி 500 மில்லி குடிக்க வைத்தார்கள், சிலருக்கு 500 காட்டி 300 மட்டும் கொடுத்தார்கள். குடித்து முடித்த கையோடு கேட்டால், பசி உண்மையில் உள்ளே போன அளவுப்படி இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கேட்டால் கதை மாறிவிட்டது. அப்போது பசியைத் தீர்மானித்தது கண் பார்த்த அளவு. நிறையப் பார்த்தவருக்குப் பசி குறைவு, கொஞ்சமாகப் பார்த்தவருக்கு அதிகம். நம்மவரோ எதையுமே பார்க்கவில்லை. பத்து மணிக்கு வயிற்றில் ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது, அவர் கணக்குப்படி சத்தியம்.

ஞாபகம் அறவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 1998-ல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும், மூளைப் பாதிப்பால் புது ஞாபகமே தங்காத இருவரைக் கவனித்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை வைத்தால், அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதையும் பெரும்பாலும் தொட்டார்கள். பாவம், அவர்களுக்கு வியாதி. இவருக்கு என்ன கேடு? ரிமோட்தான்.

பசித்துத் தின்பதுகூட எனக்குப் பெரிதில்லை. முறுக்கு போனால் போகட்டும், மறுபடி பிழிந்துகொள்ளலாம். என்னை எரிய வைப்பது மறதி. போன வாரம் வத்தக்குழம்பு வைத்தேன். புளியைக் கரைத்து, சுண்டைவற்றலை நல்லெண்ணெயில் வறுத்து, குழம்பு வற்றி எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் அடுப்பைவிட்டு நகராமல் நின்றேன். சீரியல் பார்த்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, "நீ வத்தக்குழம்பு வச்சு ரொம்ப நாளாச்சுல்ல?" என்றார். என்ன செய்வது இந்த மனுஷனை? ஒருத்தி வேலைமெனக்கெட்டுச் சமைத்தது, யாருக்குமே சமைக்காதது மாதிரி ஆகிவிட்டது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மருந்தும் பர்மிங்காமிலிருந்தே கிடைத்தது. அதே சூசான் ஹிக்ஸ் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிஸ்கட் கொடுப்பதற்கு முன் சிலரை அன்றைய மதியச் சாப்பாட்டை நினைத்து எழுதச் சொன்னார். அவர்கள் பிஸ்கட்டைக் குறைவாகத் தின்றார்கள். சரி என்று நானும் அடுக்களை வாசலில் குறுக்கே நின்று, "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "சாதம்தான்" என்றார். அதுவும் ஊகம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. நினைவுபடுத்திக்கொள்ள, முதலில் ஏதாவது பதிந்திருக்க வேண்டுமே! டிவி முன்னால் சாப்பிட்டவருக்கு இந்த மருந்து அவ்வளவாக வேலை செய்யாது.

ஆகவே சமைக்கிறவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். மேட்ச் முடிந்தால் ஹைலைட்ஸ் போடுவார்கள். சீரியலில் நேற்று நடந்ததை நாளைக்கும் காட்டுவார்கள். சாம்பாருக்கு மறுஒளிபரப்பு கிடையாது. தட்டில் கை வைக்கும்முன் டிவியை அணையுங்கள், கை கழுவிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.