நிரூபித்தீர்கள், பதில் சொல்லவில்லை

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டியில் "வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்" என்று பேசினோம். "வாதங்களை நிரூபித்தீர்கள், தலைப்புக்குப் பதில் இல்லை" என்று எழுதித் தோற்கடித்தார் நடுவர். இது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான் தம்பி. நானும் நடுவராக இருந்தவன். உங்கள் அணி என்ன சொல்லியிருக்கும்? ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 சதவீதத்தை எட்டவில்லை, 1924-இல் கட்டாயமாக்கினார்கள், 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. அத்தனையும் உண்மை. ஆனால் சட்டம் வந்தால் கூட்டம் வரும் என்பதை எதிரணி எப்போது மறுத்தது? பூட்டாத கதவை உடைக்க ஐந்து நிமிடம் செலவழித்திருக்கிறீர்கள்.

தலைப்பில் கனமான சொல் "கட்டாயம்". வீட்டில் இருக்க விரும்பும் ஒருவரை அபராதம் காட்டி வாக்குச்சாவடிக்கு அனுப்ப அரசுக்கு என்ன உரிமை? நடுவர் காத்திருந்தது இந்தப் பதிலுக்கு. "வராதவர்களில் ஏழைகள் அதிகம்; அவர்கள் வராவிட்டால் கட்சிகள் அவர்களை மறந்துவிடும்; அந்த இழப்பு ஒரு மணி நேரச் சுதந்திரத்தைவிடப் பெரிது" என்று எடைபோட்டிருந்தால், அதே 91 சதவீதம் உங்களுக்காகப் பேசியிருக்கும்.

அடுத்த முறை மேடையேறும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். "நீங்கள் சொன்னது அனைத்தும் சரி, ஆனாலும் வேண்டாம்" என்று எதிரணி சொல்ல முடிகிறதா? முடிந்தால், உங்கள் முக்கிய வாதத்தை இன்னும் எழுதவே இல்லை.