மாண்புமிகு 'நோ-ரிப்ளை' சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு, பெயர் வேண்டாத ஒரு வங்கி.

பொருள்: ஏடிஎம்மில் வராத ஐயாயிரம் ரூபாயும், அதைக் கேட்ட மின்னஞ்சலுக்கு வராத பதிலும்.

ஐயா, அம்மணி,

தங்கள் பிரிவிலிருந்து நொடிப்பொழுதில் ஒரு கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. 'தங்கள் புகார் கிடைத்தது, இந்த மடலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற அந்த ஒன்றுதான். அதன் பிறகு தாங்கள் கடைப்பிடிக்கும் மௌன விரதத்துக்குப் பழநி அடிவாரத்தில்கூட ஈடு கிடையாது. விரதம் முடியும் நாள் எது என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியாததால், சிலர் மறுநாளே திரும்பக் கேட்டுத் தங்களைத் தொந்தரவு செய்கிறார்கள். சிலர் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் காத்திருந்து தங்களை மகிழ்விக்கிறார்கள். இரு சாராருக்கும் ஒரு நாட்காட்டி தேவைப்படுகிறது. தாங்கள் அச்சிட்டுத் தரப் போவதில்லை என்பதால் இங்கேயே போட்டுக் காட்டப்படுகிறது.

மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3 அன்று மாலை, வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். இயந்திரம் உறுமுகிறது, பணம் வரவில்லை, கணக்கில் கழிந்ததாக மட்டும் குறுஞ்செய்தி வருகிறது. ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும், புகார் போக வேண்டியது கார்டு கொடுத்த வங்கிக்குத்தான், அதாவது தங்களுக்கு. அன்றிரவே மின்னஞ்சல் அனுப்புகிறார். அதில் தேதி, நேரம், தொகை, துண்டுச்சீட்டில் இருக்கும் ஏடிஎம் எண், பரிவர்த்தனை எண், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாம் உண்டு. பின் நம்பரும் முழு கார்டு எண்ணும் இல்லை. அவை இல்லாததால் புகாரை ஆராய முடியவில்லை என்று யாராவது சொன்னால், சொல்பவர் வங்கிக்காரர் அல்ல என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் 'என்ன ஆயிற்று?' என்று கேட்டால் பயன் இல்லை. ஏடிஎம் வைத்திருக்கும் வங்கி, இயந்திரத்தில் மிஞ்சிய பணத்தையும் அதன் பதிவேட்டையும் ஒப்பிட்டு, கூடுதலாக இருக்கும் ஐயாயிரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கால அளவை 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில் எழுதிவைத்திருக்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் பணம் தானாகவே கணக்கில் திரும்பிவிட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் தங்கள் பிரிவில் இருக்கும் பிரதியில் அச்சுப் பிழையால் விடுபட்டுப் போயிருக்கலாம்.

ஆக, கெடு மார்ச் 8. நினைவூட்ட வேண்டிய நாள் 9ஆம் தேதி. எத்தனை நாள் காத்திருப்பது மரியாதை என்று அம்மணி தோழிகளைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. தங்களுக்கு ஏற்கெனவே ஒரு கெடு இருந்தால் அது முடிந்த மறுநாள் கேட்பதே முறை. அதற்கு முன் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் நியாயமாகவே வரும்.

இனி, எப்படிக் கேட்பது. வழக்கமாகத் தங்களுக்கு வருபவை இரண்டு வகை. முதல் வகை, 'மேற்படி விஷயமாகத் தயவுகூர்ந்து கவனிக்கவும்' என்று குழைவது. எதைக் கவனிப்பது என்று அதில் இராது என்பதால், தாங்கள் எதையும் கவனிப்பதில்லை. இரண்டாவது வகை, தலைப்பிலேயே 'மிக மிக அவசரம்' என்று கூவிவிட்டு, கீழே நான்கு பத்தி திட்டு. கோபம் நியாயமானதுதான், ஆனால் பரிவர்த்தனை எண் அந்தத் திட்டுக்கு நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும். இரண்டு பேருமே பெரும்பாலும் புது மின்னஞ்சலாக அனுப்பிவிடுவார்கள். தங்கள் கணினி அதற்குப் புதுப் புகார் எண் கொடுக்கும், பிறகு இரட்டைப் பதிவு என்று ஒன்றை மூடிவிடும். மூடப்படுவது பழையதாக இருந்தால் நாட்கணக்கும் அதோடு குழம்பிவிடும்.

ஜவுளிக் கடை அம்மணி அப்படிச் செய்யவில்லை. தாம் முதலில் அனுப்பிய மடலையே திறந்து, அதன் தொடர்ச்சியாக, தலைப்பில் புகார் எண்ணைச் சேர்த்து இப்படி எழுதினார்:

'மார்ச் 3 அன்று ஏடிஎம்மில் வராத ரூ.5,000 குறித்த என் புகாரின் தொடர்ச்சி இது. ஐந்து நாள் கெடு மார்ச் 8 அன்று முடிந்தது. பணம் இன்னும் வரவு வைக்கப்படவில்லை. தொகையும், 9ஆம் தேதி முதல் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடும் எந்தத் தேதியில் வரவாகும் என்று மார்ச் 16க்குள் தெரிவிக்கவும். விவரங்கள் கீழே உள்ள முதல் மடலில் உள்ளன.'

ஐந்தே வரி. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கேள்வி ஒன்றுதான், எந்தத் தேதி என்பது. அதற்கு 'பரிசீலனையில்' என்று பதில் எழுதினால் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது படிப்பவர் எவருக்கும் தெரிந்துவிடும். இழப்பீட்டையும் இப்போதே கேட்டு வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் தனியாகக் கேட்டால், 'அது வேறு புகார், நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள்' என்று தாங்கள் சொல்லக்கூடும்.

16ஆம் தேதியும் போயிற்று. மறுநாள் அதே மடல் தொடரைத் தங்கள் இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பி, 'கீழே உள்ளதற்கு இதுவரை பதில் இல்லை' என்ற ஒரே வரியை மேலே சேர்த்தார். மூன்றாவது முறை எழுதும்போது நீட்டி முழக்குவதுதான் பலருடைய இயல்பு. அவர் சுருக்கினார்.

பலன் கிடைத்தது. மார்ச் 20 அன்று ஐயாயிரம் வரவானது. கூடவே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற மகிழ்ச்சிச் செய்தியும் வந்தது. 8ஆம் தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் தாமதம், ஆக 1,200 ரூபாய் பாக்கி. அது பற்றி அந்தச் செய்தியில் மூச்சே இல்லை. அவர் அதே தொடரில், 'அசல் வந்தது, நன்றி. இழப்பீடு ரூ.1,200 வரவில்லை, எனவே புகார் தீரவில்லை' என்று எழுதி வைத்தார். இதை எழுதாமல் விட்டிருந்தால் தீர்ந்தது என்ற தங்கள் வாக்கே கோப்பில் கடைசி வாக்காக நின்றிருக்கும்.

பதில் அனுப்ப வேண்டாம் என்று தாங்கள் அனுப்பிய அந்த முதல் மடலையும் அவர் அழிக்கவில்லை. புகார் தங்களுக்குக் கிடைத்த தேதிக்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. அதைத் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் திட்டப்படி, புகார் கிடைத்து 30 நாளுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் போதாவிட்டாலோ, வாடிக்கையாளர் கட்டணமின்றி cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். வங்கியிடம் முதலில் கேட்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இத்தனை நாள் காத்திருப்பும், இத்தனை மடலும்.

மார்ச் 3இலிருந்து முப்பது நாள் ஏப்ரல் 2 அன்று முடிகிறது. 3ஆம் தேதி காலை, கடை திறக்கும் முன் அவர் அந்தப் படிவத்தை நிரப்பி மடல் தொடர் முழுவதையும் இணைப்பார். பிறகு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திலிருந்து தங்களுக்கு ஒரு கடிதம் வரும். அதற்குத் தங்கள் தரப்பை 15 நாளுக்குள் எழுத்துமூலம் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடிதம் 'நோ-ரிப்ளை' முகவரிக்கு வராது.

இப்படிக்கு,
தங்கள் வரிசையில் நிற்கும் ஒருவர்